எக்ஸ்ரே எடுத்த பிறகு கர்ப்பம் என்று தெரிந்தால் கலைக்க வேண்டுமா?

கேள்வி: என் மனைவிக்கு முதுகுவலி என்று கீழ் முதுகுக்கு எக்ஸ்ரே எடுத்தோம், மூன்று படம். இரண்டு வாரம் கழித்துதான் கர்ப்பம் என்று தெரிந்தது. சொந்தத்தில் நர்ஸாக இருக்கும் ஒரு அக்கா, கலைத்துவிடுவதுதான் நல்லது என்கிறார். போன வருடம் எங்கள் 4 வயதுப் பையன் கட்டிலிலிருந்து விழுந்தபோது தலைக்கு சிடி எடுத்தார்கள், அதுவும் இப்போது உறுத்துகிறது. இதெல்லாம் எவ்வளவு கதிர்வீச்சு? பயப்பட வேண்டுமா?

பதில்:

கலைக்க வேண்டாம். மற்றதையெல்லாம் நிதானமாகப் படிக்கலாம், இதை மட்டும் முதலில் உங்கள் மனைவியிடம் சொல்லிவிடுங்கள். கீழ் முதுகு எக்ஸ்ரேயில் கருப்பைக்குப் போய்ச் சேரும் அளவு வழக்கமாக 2 மில்லிகிரே பக்கம், மோசமாக எடுத்தாலும் 10-ஐத் தாண்டாது. இதற்குக் கீழே என்றால் கதிர்வீச்சைக் காரணம் காட்டிக் கருக்கலைப்பைப் பற்றிப் பேசவே கூடாது என்று கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம் 2000-இல் எழுதி வைத்த எல்லை 100 மில்லிகிரே. நீங்கள் இருப்பது அந்த எல்லைக்கு வெகு தூரம் கீழே.

நான் ஒரு மருத்துவமனையில் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பொறுப்பில் இருக்கிறேன். இதே கேள்வியோடு, இதே முகத்தோடு வரும் கணவன் மனைவியை வருடத்துக்குச் சிலரையாவது பார்த்துவிடுகிறேன். சிலர் என்னிடம் வருவதற்குள் முடிவெடுத்து, மாத்திரையும் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். கணக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் நாளைக்கு இன்னொரு சொந்தக்காரர் வேறொன்றைச் சொல்லும்போது நீங்கள் ஆடிப்போகாமல் இருக்க முடியும்.

முதலில் அளவு. மில்லிகிரே என்பது உடம்பில் ஒரு குறிப்பிட்ட இடம் வாங்கிக்கொண்ட கதிர்வீச்சின் அளவு. மில்லிசீவர்ட் என்று இன்னொன்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது அந்த இடத்து அளவை முழு உடம்புக்குமான ஆபத்தாக மாற்றிச் சொல்வது. வயிற்றில் இருக்கும் கருவைப் பற்றிப் பேசும்போது மில்லிகிரேயும், பொதுவாக ஒப்பிடும்போது மில்லிசீவர்ட்டும் சொல்வது வழக்கம். எக்ஸ்ரேயைப் பொறுத்தவரை கருவுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்தான், அதனால் குழம்ப வேண்டாம்.

இனி, எக்ஸ்ரேயே எடுக்காத மனிதருக்கும் எவ்வளவு கதிர்வீச்சு கிடைக்கிறது என்று பார்ப்போம். உலக சராசரி வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட். இதில் பாதி ரேடான் என்ற வாயுவிலிருந்து வருகிறது. மண்ணிலும் பாறையிலும் இருக்கும் யுரேனியம் சிதைந்து சிதைந்து அந்த வாயுவாகி வீட்டுக்குள் கசிகிறது, நாம் அதைச் சுவாசிக்கிறோம். மீதி, தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் வானத்திலிருந்தும் நாம் சாப்பிடும் சாப்பாட்டிலிருந்தும் வருவது. நம் உடம்பிலேயே இருக்கும் பொட்டாசியத்தில் ஒரு சிறு பகுதி கதிரியக்கம் உள்ளது, அது மட்டுமே வருடத்துக்கு 0.17 மில்லிசீவர்ட் தருகிறது. வயிற்றில் இருக்கும் பிள்ளையும் இதிலிருந்து தப்புவதில்லை. எந்த ஸ்கேனும் எடுக்காத தாயின் வயிற்றில் பத்து மாதம் இருக்கும் குழந்தைக்கும் இயற்கையாகவே அரை முதல் ஒரு மில்லிகிரே வரை சேர்ந்துவிடுகிறது.

நமக்கு மிகப் பக்கத்திலேயே இதைவிட அதிகமான ஊர்கள் இருக்கின்றன. கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலையும், அப்படியே கேரளத்தில் கொல்லம் பக்கம் சவறா, கருநாகப்பள்ளி மணலையும் எடுத்துக்கொண்டால், அதில் மோனசைட் என்ற கனிமம் கலந்திருக்கிறது, மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழும் மக்களுக்குச் சராசரியைவிடப் பல மடங்கு கதிர்வீச்சு கிடைக்கிறது. கருநாகப்பள்ளி மக்களைப் பல வருடம் பின்தொடர்ந்து செய்த ஆய்வு 2009-இல் வெளியானது. அந்தக் கூடுதல் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. இதனால் கதிர்வீச்சு நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, வருடக்கணக்கில் கிடைக்கும் இந்த அளவுகளில் ஆபத்து இருந்தாலும் அது இவ்வளவு பெரிய ஆய்விலும் பிடிபடாத அளவுக்குச் சிறியது என்பதுதான் இதில் உள்ள செய்தி.

சரி, ஸ்கேன்களுக்கு வருவோம். மார்பு எக்ஸ்ரே ஒரு படம் 0.02 மில்லிசீவர்ட், அதாவது சும்மா வீட்டில் இருந்தாலே மூன்று நாளில் கிடைப்பது. சென்னையிலிருந்து லண்டனுக்கு விமானத்தில் ஒரு முறை போனால் அதைவிட அதிகமாகவே கிடைக்கிறது, உயரே போகப் போக வானத்துக் கதிர்களைத் தடுக்கும் காற்று குறைகிறதே, அதனால். கீழ் முதுகு எக்ஸ்ரே ஒரு செட் 1.5, அது ஏழெட்டு மாத இயற்கை அளவு. தலை சிடி 2, பத்து மாதம். மார்பு சிடி 6 அல்லது 7, ஏறக்குறைய மூன்று வருடம். வயிறும் இடுப்பும் சேர்த்து சிடி எடுத்தால் 8 முதல் 10, அது நான்கு வருடம் பக்கம். எக்ஸ்ரே என்பது ஒரு திசையிலிருந்து ஒரு நொடிக்கும் குறைவாக எடுக்கும் ஒரு நிழல். சிடியில் குழாய் உடம்பைச் சுற்றிச் சுற்றி வந்து நூற்றுக்கணக்கான கோணத்தில் எடுக்கிறது. அளவு இப்படி எகிறுவதற்குக் காரணம் அதுதான்.

இந்த ஒப்பீடு எங்கே தடுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் ஆளாளுக்கு மார்பு சிடி எடுக்க வரிசையில் நின்றபோது, அன்றைய டெல்லி எய்ம்ஸ் இயக்குநர் டாக்டர் ரந்தீப் குலேரியா, ஒரு சிடி 300 முதல் 400 மார்பு எக்ஸ்ரேவுக்குச் சமம் என்றார். உடனே இந்திய ரேடியாலஜி மருத்துவர்களின் சங்கம் மறுத்தது, இப்போதைய கருவியில் குறைந்த அளவில் எடுத்தால் 5 முதல் 10 எக்ஸ்ரேவுக்குத்தான் சமம் என்றது. மக்கள் யார் சொல்வது உண்மை என்று திகைத்துப் போனார்கள். இரண்டு கணக்குமே வரக்கூடியதுதான். வழக்கமான மார்பு சிடியை 0.02-ஆல் வகுத்தால் 300-க்கு மேல் வரும். நுரையீரலுக்கென்றே கருவியை மிகவும் குறைத்து வைத்து எடுத்தால் எண் அடியோடு இறங்கிவிடும். ஆக, சிடி என்ற பெயரை வைத்து மட்டும் அளவைச் சொல்லிவிட முடியாது. எந்தக் கருவி, எந்த செட்டிங், எத்தனை தடவை ஓட்டினார்கள் என்று பார்க்க வேண்டும். பையன் விஷயத்தில் இது மறுபடி வரும்.

இன்னொன்று, இயற்கைக் கதிர்வீச்சு வருடம் முழுக்க, உடம்பு முழுக்கப் பரவிக் கிடைக்கிறது, ஸ்கேனோ சில நொடிகளில் ஒரே இடத்தில். அதனால் ‘இத்தனை மாதத்துக்குச் சமம்’ என்பது அளவின் பெரிய சிறிய வித்தியாசத்தை மனதில் வாங்கிக்கொள்ள உதவுமே தவிர, இரண்டும் ஒன்றே என்று ஆகிவிடாது. கர்ப்பிணி விஷயத்தில் இந்த ‘ஒரே இடம்’ என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

எக்ஸ்ரே அறையில் படுக்க வைத்ததும் மேலேயிருந்து ஒரு மஞ்சள் வெளிச்சம் சதுரமாக உடம்பில் விழுந்திருக்கும், நடுவில் கூட்டல் குறி போல நிழல் இருக்கும், டெக்னீஷியன் இரண்டு குமிழைத் திருகித் திருகி அந்தச் சதுரத்தைச் சின்னதாக்குவார். உங்கள் மனைவியைக் கேட்டால் ஞாபகம் இருக்கும். அந்த வெளிச்சம் எங்கே விழுகிறதோ அங்கேதான் எக்ஸ்ரேயும் விழும். சதுரத்துக்கு வெளியே இருக்கும் உடம்புக்குக் கிடைப்பது உள்ளே சிதறி வருவது மட்டும், அது கொஞ்சம் தூரம் போவதற்குள் தேய்ந்துவிடும். இதை வைத்துப் பார்த்தால் கர்ப்பிணிக்குப் பல் எக்ஸ்ரே, கை, கால், முட்டி, மார்பு எக்ஸ்ரே, ஏன் தலை சிடிகூட, எதிலும் சதுரம் கருப்பைப் பக்கம் வருவதில்லை. மார்பு எக்ஸ்ரேயில் கருவுக்கு 0.01 மில்லிகிரேக்கும் குறைவு. மார்பு சிடி, பெயரைக் கேட்டாலே பயமாக இருக்கும், அதிலும் கருவுக்கு வழக்கமாக 0.06 தான். காசநோய் சந்தேகத்தில் மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் கர்ப்பம் என்று தட்டிக்கழிக்கிறார்கள் பாருங்கள், அதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம். கண்டுபிடிக்காமல் விட்ட காசநோய் தாய்க்கும் பிள்ளைக்கும் செய்யும் கெடுதலோடு ஒப்பிட்டால் அந்தப் படம் ஒன்றுமே இல்லை.

சதுரம் கருப்பையின் மேலேயே விழுவது சிலவற்றில்தான்: வயிறு, இடுப்பு, கீழ் முதுகு எக்ஸ்ரேக்கள், வயிறு சிடி, இடுப்பு சிடி, அப்புறம் குழந்தையின்மைக்காகக் கருக்குழாயில் மருந்து செலுத்தி எடுக்கும் படம். உங்கள் மனைவியுடையது இதில் ஒன்று. அதனால் அதைக் கணக்கிட்டே பார்க்கலாம்.

கீழ் முதுகுப் பரிசோதனை முழுவதற்கும் கருவுக்குக் கிடைக்கும் அளவு சராசரியாக 1.7 மில்லிகிரே, அதிகபட்சம் 10 என்பது மேலே சொன்ன ஆணையத்தின் அட்டவணையில் உள்ளது. உங்களுடையது மூன்று படம். ஒரு படம் ஆடிப்போய்த் திரும்ப எடுத்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம், கருவியும் பழையது என்று வைத்துக்கொள்வோம், 4 அல்லது 5 என்று தாராளமாகவே போட்டுக்கொள்ளலாம். பத்து மாதத்தில் எப்படியும் கிடைக்கப்போகும் ஒரு மில்லிகிரேக்குப் பக்கத்தில் இது சில மடங்கு. நூறுக்குப் பக்கத்தில் இருபதில் ஒரு பங்கு.

அடுத்தது, எந்த நாளில் எடுத்தது. கர்ப்பத்தை நாம் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறோம், ஆனால் கரு உண்டாவது அதற்கு இரண்டு வாரம் கழித்து. மாதவிடாய் ஒரு வாரம் தள்ளிப்போனதும் டெஸ்ட் எடுத்தீர்கள் என்றால் அன்று 35-ஆம் நாள். அதிலிருந்து இரண்டு வாரம் பின்னால் போனால் 21-ஆம் நாள் எக்ஸ்ரே. அப்போது கருவுக்கு வயது ஏறக்குறைய ஒரு வாரம், கருப்பைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு செல் உருண்டை. கை, கால், இதயம் எதுவும் உருவாகத் தொடங்கியே இருக்காது. அந்த முதல் இரண்டு வாரத்தில் கதிர்வீச்சின் பாதிப்பு, இருந்தால், அது நிற்பதா போவதா என்ற அளவில்தான் இருக்கும்: செல்கள் நிறைய அழிந்தால் கரு தங்காது, கொஞ்சம் அழிந்தால் மற்ற செல்கள் அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும், பிள்ளை முழுசாகவே வளரும். அந்தப் பாதிப்புக்கும் உங்களுக்குக் கிடைத்ததைவிடப் பல மடங்கு அதிகமான அளவு வேண்டும். உங்களிடம் மாதவிடாய்த் தேதி இருக்கும், இதே மாதிரி நீங்களே எண்ணிப் பாருங்கள்.

உறுப்புகள் உருவாவது கரு உண்டானதிலிருந்து மூன்றாவது வாரம் முதல் எட்டாவது வாரம் வரை. மூளைக்கு மிக நாசூக்கான காலம் 8 முதல் 15 வாரம். இந்த இரண்டு காலத்திலும்கூட ஊனமோ மூளை வளர்ச்சிக் குறையோ வர 100 மில்லிகிரேக்கு மேலே போக வேண்டும், கடுமையான மூளை வளர்ச்சிக் குறைக்கு ஏறக்குறைய 300 வேண்டும். இந்த எண்கள் பெரும்பாலும் ஹிரோஷிமா, நாகசாகியில் குண்டு விழுந்தபோது தாயின் வயிற்றில் இருந்த பிள்ளைகளைப் பல வருடம் கவனித்ததில் கிடைத்தவை. ஒரு சாதாரண எக்ஸ்ரே எதனாலும் அங்கே போய்ச் சேர முடியாது.

ஊனத்துக்கு இப்படி ஒரு எல்லை இருக்கிறது, அதற்குக் கீழே பாதிப்பு தெரிவதில்லை. புற்றுநோய்க்கு அப்படி எல்லை இல்லை என்று வைத்துத்தான் நாங்கள் கணக்கிடுகிறோம், அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1950-களில் இங்கிலாந்தில் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற டாக்டர், புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் தாய்மார்களைத் தேடிப் போய்க் கேள்வி கேட்டதில், கர்ப்ப காலத்தில் வயிற்றுக்கு எக்ஸ்ரே எடுத்திருந்தவர்கள் அந்தத் தாய்மாரிடையே அதிகம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அப்போது பிள்ளை எப்படிப் படுத்திருக்கிறது என்று பார்க்கவே எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தார்கள், அல்ட்ராசவுண்ட் கிடையாது. அவர் சொன்னதைப் பலர் வருடக்கணக்கில் ஏற்க மறுத்தார்கள், கடைசியில் வழக்கமே மாறியது. இன்றைய கணக்கில் அந்த ஆபத்து இப்படி இருக்கிறது: எந்தக் கூடுதல் கதிர்வீச்சும் இல்லாத ஆயிரம் குழந்தைகளில் 997 பேருக்கு 19 வயது வரை புற்றுநோய் வராது. வயிற்றில் இருக்கும்போது 5 மில்லிகிரே கிடைத்திருந்தாலும் அட்டவணையில் அதே 997 தான், வித்தியாசம் அவ்வளவு சிறியது. 10 கிடைத்திருந்தால் 996. 50 கிடைத்திருந்தால் 994. எல்லோருக்கும் பொதுவாக, நூறு குழந்தைகளில் மூன்று பேர் ஏதோ ஒரு பிறவிக் குறையோடு பிறக்கிறார்கள், எக்ஸ்ரே எடுத்தாலும் எடுக்காவிட்டாலும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாளைக்கு ஒரு சின்னக் குறை வந்தாலும் அன்றைக்கு எடுத்த எக்ஸ்ரேதான் என்று வீட்டில் யாராவது உங்கள் மனைவியைக் குத்திக் காட்டக்கூடும். அது உண்மையாக இருக்காது.

அவருக்கு இப்போது தனியாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. மகப்பேறு டாக்டரிடம் எக்ஸ்ரே எடுத்த தேதியையும் எத்தனை படம் என்பதையும் சொல்லுங்கள், கேஸ் ஷீட்டில் எழுதட்டும். 18 முதல் 20 வாரத்தில் எல்லோருக்கும் எடுக்கும் அனாமலி ஸ்கேன் போதும், இதற்காகக் கூடுதலாக ஒரு ஸ்கேனும் வேண்டாம்.

இதுவே வயிறு சிடி எடுத்திருந்தால் பேச்சு கொஞ்சம் மாறும். வயிறு சிடியில் கருவுக்குச் சராசரி 8 மில்லிகிரே, இடுப்பு சிடியில் 25, கருவியை ஏற்றி வைத்து இரண்டு மூன்று தடவை ஓட்டினால் 50-ஐத் தாண்டிவிடலாம். அங்கே ஊகத்தில் பேசாமல், அந்த சிடியின் பதிவை எடுத்துக்கொண்டு மருத்துவ இயற்பியலாளரிடம் கொடுத்துக் கருவின் அளவைக் கணக்கிடச் சொல்ல வேண்டும், பெரிய மருத்துவமனைகளிலும் புற்றுநோய் மருத்துவமனைகளிலும் இருப்பார்கள். நான் கணக்கிட்டவற்றில் இதுவரை ஒன்றுகூட நூறைத் தொட்டதில்லை. விபத்தில் அடிபட்டு வயிற்றுக்குள் ரத்தக்கசிவு சந்தேகம் என்றால், கர்ப்பிணியாக இருந்தாலும் சிடி எடுக்கத்தான் வேண்டும், தாய் பிழைத்தால்தானே பிள்ளை.

அவசரமில்லாத படங்களுக்குக் கவனிக்க வேண்டியது சில. டெக்னீஷியன் கேட்கும்வரை காத்திராமல் கடைசி மாதவிடாய்த் தேதியைப் பெண்களே சொல்லிவிடுவது நல்லது, மாமியாரோ மாமனாரோ பக்கத்தில் நிற்கும்போது அதைக் கேட்கப் பல டெக்னீஷியன்கள் கூச்சப்படுகிறார்கள், பாதித் தவறுகள் அந்தக் கூச்சத்தில்தான் நடக்கின்றன. நாள் தள்ளிப்போயிருந்தால் ஒரு சிறுநீர் டெஸ்ட் எடுத்துவிட்டு உள்ளே போகலாம். வயிற்றுவலிக்கு முதலில் அல்ட்ராசவுண்ட், முதுகுத் தண்டுக்கு எம்ஆர்ஐ, இரண்டிலும் இந்த வகைக் கதிர்வீச்சே கிடையாது. எம்ஆர்ஐ-யில் கடோலினியம் என்ற மருந்து ஏற்றுவதை மட்டும் கர்ப்பத்தில் தவிர்ப்பார்கள். அப்புறம், இது உங்கள் வீட்டுக்கு நேராகப் பொருந்துவது: பையனுக்கு எப்போதாவது எக்ஸ்ரே எடுக்க நேர்ந்தால் அவனைப் பிடித்துக்கொள்ள உங்கள் மனைவி உள்ளே போகக் கூடாது, நீங்கள் போங்கள், ஈய ஏப்ரன் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், உங்கள் கை அந்த மஞ்சள் சதுரத்துக்குள் வராமல் பிடியுங்கள்.

ஏப்ரன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நோயாளியின் வயிற்றின் மேல் ஈய ஏப்ரன் போடவில்லை என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. 2019-இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம், நோயாளிக்கு வழக்கமாக அதைப் போடுவதை நிறுத்தலாம் என்று சொல்லிவிட்டது. மார்பு படத்தில் கருவுக்குப் போகும் கொஞ்சமும் உடம்புக்குள்ளேயே சிதறிப் போவது, வெளியே போர்த்தினால் நிற்காது. சதுரத்துக்குள் ஏப்ரன் நுழைந்துவிட்டாலோ, வெளிச்சம் போதவில்லை என்று கருவி தானாகவே கதிரைக் கூட்டிவிடும், அல்லது பார்க்க வேண்டிய எலும்பே மறைந்து படத்தைத் திரும்ப எடுக்க வேண்டி வரும். பக்கத்தில் நின்று பிடிப்பவருக்கு மட்டும் ஏப்ரன் அவசியம்.

படம் எடுத்து முடித்ததும் அறையிலும் உடம்பிலும் எதுவும் மிச்சமிருக்காது, பல்பை அணைத்த மாதிரிதான். பால் கொடுக்கும் தாய்க்கு எக்ஸ்ரேயோ, மருந்து ஏற்றி சிடியோ எடுத்தாலும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. நிறுத்திக் கேட்க வேண்டியது பெட் ஸ்கேன், தைராய்டுக்கு அயோடின் கொடுப்பது போன்றவற்றில்தான். அங்கே கதிர்வீச்சுப் பொருளையே உடம்புக்குள் செலுத்துகிறார்கள், அது கொஞ்ச நேரமோ கொஞ்ச நாளோ உள்ளே இருக்கும். தைராய்டு அயோடின் சிகிச்சையைக் கர்ப்பத்தில் செய்யவே கூடாது.

இனி பையன். தலை சிடி ஒன்று அவனுக்கு ஏறக்குறைய 2 மில்லிசீவர்ட் கொடுத்திருக்கும். ஆனால் குழந்தை விஷயத்தில் நாங்கள் பெரியவர்களைவிட ஜாக்கிரதையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. வளரும் உடம்பில் செல்கள் வேகமாகப் பிரிகின்றன, பிரியும்போதுதான் அவை சுலபமாகப் பழுதாகும். பழுதான ஒரு செல் புற்றுநோயாக மாறப் பல வருடம் எடுக்கும், அவனுக்கு முன்னால் எழுபது எண்பது வருடம் இருக்கிறது. மூன்றாவது, தலை சின்னது, எலும்பு மெல்லியது, அதனால் பெரியவருக்கு வைத்த செட்டிங்கிலேயே எடுத்தால் உள்ளே அதிகம் போய்ச் சேரும்.

எவ்வளவு ஆபத்து? 2012-இல் பிரிட்டனில், சிறுவயதில் சிடி எடுத்தவர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. பத்து வயதுக்குக் கீழ் 10,000 குழந்தைகளுக்குத் தலை சிடி எடுத்தால், அடுத்த பத்து வருடத்தில் கூடுதலாக ஒருவருக்கு ரத்தப் புற்றுநோயும் ஒருவருக்கு மூளைக் கட்டியும் வரலாம் என்பது அதன் கணக்கு. 2023-இல் ஐரோப்பிய நாடுகள் பல சேர்ந்து ஏறக்குறைய பத்து லட்சம் பேரை வைத்துச் செய்த ஆய்விலும், ரத்தப் புற்றுநோய்களைப் பொறுத்தவரை 10,000-க்கு ஒன்றிரண்டு என்றுதான் வந்தது. உங்கள் பையன் ஒருவனுக்கு இது மிகச் சிறிய எண், எடுத்து முடித்த ஒன்றுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, பரிசோதனை எதுவும் எடுத்துக்கொண்டே இருக்கவும் வேண்டாம். ஒரு நாடு முழுக்க லட்சக்கணக்கான குழந்தைகளுக்குத் தேவையில்லாமல் எடுத்தால் மட்டும் அது உண்மையான குழந்தைகளின் எண்ணிக்கையாகிவிடும். அதனால்தான் ‘அன்றைக்கு அது தேவையாக இருந்ததா’ என்ற கேள்வி முக்கியம்.

அதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. அமெரிக்காவில் தலையில் அடிபட்டு வந்த 42,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பார்த்து 2009-இல் ஒரு விதிமுறை வகுத்தார்கள். இரண்டு வயது தாண்டிய பிள்ளை மயங்கி மயங்கி விழுகிறது, பேச்சு குழறுகிறது, வழக்கம்போல இல்லை, அல்லது காதிலோ மூக்கிலோ ரத்தமோ தண்ணீர் மாதிரியோ வடிகிறது, கண்ணைச் சுற்றியோ காதுக்குப் பின்னாலோ கன்றிப்போகிறது என்றால் யோசிக்காமல் சிடி எடுக்க வேண்டும். இவை இல்லாமல், நினைவு தப்பியது, வாந்தி, கடுமையான தலைவலி, ஐந்தடிக்கு மேலிருந்து விழுந்தது போன்றவற்றில் ஒன்று மட்டும் இருந்தால், பெரும்பாலும் மருத்துவமனையிலேயே நான்கு முதல் ஆறு மணி நேரம் வைத்துப் பார்க்கலாம், மோசமானால் எடுக்கலாம். எதுவுமே இல்லாவிட்டால் பெரிய அடி இருப்பதற்கான வாய்ப்பு இரண்டாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே, சிடி வேண்டாம். கட்டில் உயரம் இரண்டடி. பையன் விழுந்ததும் அழுது, அப்புறம் விளையாடப் போய்விட்டான் என்றால் அன்றைக்குக் கவனித்தாலே போதுமாக இருந்திருக்கலாம். பல முறை வாந்தி எடுத்து, தூங்கித் தூங்கி விழுந்தான் என்றால் எடுத்ததே சரி. இரண்டு வயதுக்குக் கீழே விதி வேறு, அங்கே மூன்றடி உயரமே அதிகம், நெற்றி தவிர மற்ற இடத்து வீக்கத்தையும் கவனிப்பார்கள்.

அந்த சிடியில் எவ்வளவு கொடுத்தார்கள் என்று நீங்களே பார்க்க முடியும். அப்போது கொடுத்த குறுந்தட்டைக் கம்ப்யூட்டரில் போட்டால், மூளைப் படங்களுக்கு நடுவிலோ கடைசியிலோ கறுப்புத் திரையில் வெறும் எழுத்தும் எண்ணுமாக ஒரு பக்கம் இருக்கும், Dose Report என்று தலைப்பு இருக்கும். அதில் DLP என்பதன் கீழே உள்ள மொத்தத்தைப் பாருங்கள். ஐந்து வயதுப் பக்கம் உள்ள குழந்தையின் தலைக்கு அதை 0.004-ஆல் பெருக்கினால் மில்லிசீவர்ட் கிடைக்கும். 500 என்று இருந்தால் 2. ஆயிரத்தைத் தாண்டியிருந்தால், ஒன்று பெரியவர்களின் செட்டிங்கிலேயே எடுத்திருப்பார்கள், அல்லது பிள்ளை ஆடியதால் இரண்டு தடவை ஓட்டியிருப்பார்கள், அதே பக்கத்தில் எத்தனை வரிசை இருக்கிறது என்று எண்ணினாலே தெரிந்துவிடும். மருந்து ஏற்றுவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று எடுத்தால் அளவும் இரட்டிப்பு. அடிபட்ட தலைக்கு மருந்து ஏற்றாமல் ஒரு தடவை ஓட்டினால் போதும்.

இனி எத்தனை எடுக்கலாம் என்று பலர் கேட்பார்கள், நீங்களும் யோசித்திருப்பீர்கள். நோயாளிக்கு அப்படி ஒரு கோட்டா கிடையாது. நாளைக்கே அவனுக்கு உண்மையான தேவை வந்தால், போன வருடம் எடுத்தாயிற்றே என்று தள்ளிப்போடக் கூடாது, ஒவ்வொன்றையும் அன்றைய தேவையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சளிக்கும் மூக்கடைப்புக்கும் சைனஸ் சிடி, வயிற்றுவலி என்றதும் நேராக வயிறு சிடி என்று எழுதினால் மட்டும், ‘அல்ட்ராசவுண்டில் முதலில் பார்க்கலாமா டாக்டர், இந்த சிடியில் என்ன வந்தால் சிகிச்சை மாறும்?’ என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல டாக்டர் அதற்குக் கோபப்பட மாட்டார். எடுக்கத்தான் வேண்டும் என்றால், குழந்தைகளுக்கான செட்டிங் வைத்து எடுக்கிறார்களா என்று ஸ்கேன் அறையில் கேளுங்கள், கேட்டாலே டெக்னீஷியன் ஒரு முறை திரையைத் திரும்பிப் பார்ப்பார்.

போன வருடத் தட்டையும் ரிப்போர்ட்டையும் ஒரு கவரில் போட்டு, மேலே தேதி எழுதி, அவனுடைய தடுப்பூசி அட்டையோடு வைத்துவிடுங்கள். ஊர் மாறி மருத்துவமனை மாறிப் போகும்போது பழைய படம் கையில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திரும்ப எடுக்கும் சிடிக்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.